பல் சிகிச்சைக்குப் பயமா: மரப்பு ஊசி போதுமா, வாயுவா, மயக்கமா?

"மயக்கம் குடுத்து எல்லாத்தையும் ஒரே தடவையில முடிச்சுடுங்க டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் தெரியக்கூடாது." வாரத்தில் ரெண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் மயக்கம் என்று அவர்கள் சொல்வது ஒரே பொருள் இல்லை, நாலைந்து விதம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, ஆபத்து வேறு, அது தீர்க்கிற பயமும் வேறு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்க முடியாமல் ஒரு வருடம் கிராம்பை வைத்து ஒப்பேற்றிவிட்டுக் கன்னம் வீங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. கும்பகோணத்தில் பல் டாக்டர். பி.டி.எஸ். நாலு வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும், அப்புறம் வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். மூன்று வருடம். அதாவது நான் பல்லைக் காப்பாற்றுகிற ஆள், ஆளைத் தூங்க வைக்கிற ஆள் இல்லை. அதனால் மரப்பு ஊசியை நான் கொஞ்சம் தூக்கிப் பேசுவேன் என்று சந்தேகப்படலாம், அது நியாயம்தான். கல்லூரியில் ஊசி போடக் கற்றுக்கொண்டபோது நாங்கள் ஒருவருக்கொருவர் போட்டுப் பழகினோம். எனக்குப் போட்ட தோழிக்கு அவசரம், மருந்தைப் பத்து நொடியில் உள்ளே தள்ளிவிட்டாள். ஊசிமுனை குத்தியது வலிக்கவே இல்லை, மருந்து வேகமாக இறங்கியதுதான் தாடையைப் பிளப்பது போல இருந்தது. அன்று கற்றதுதான் இன்றுவரை எனக்கு உபயோகப்படுகிறது.

## முதலில் எதை வைத்து ஒப்பிடுவது

பயம் எதன்மேல் என்பதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊசியா? மிஷின் சத்தமா? வாயில் எதையாவது வைத்தால் குமட்டுவதா? மூச்சு முட்டும் என்ற எண்ணமா? இல்லை, படுத்துக்கொண்டு நம் வசத்தில் ஒன்றுமே இல்லாமல் வாயைத் திறந்து வைத்திருப்பதா? கடைசியாகச் சொன்னது நிறைய பேருக்கு உண்டு, ஆனால் வாய்விட்டுச் சொல்வது ஊசியைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி இருக்கும், பல்லைக் குடைவது, சுத்தம் செய்வது, ஈறில் ஊசி போடுவது, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 25. 19-ஐத் தொட்டாலே அது கடுமையான பயம், சும்மா "பயப்படாதீங்க" என்று சொல்லித் தீர்க்கிற சமாச்சாரம் இல்லை. மொத்தத்தைவிட எந்தக் கேள்விக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு உபயோகம்.

ரெண்டாவது, வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும், எத்தனை பல்லில். ஒரு பல்லில் முக்கால் மணி நேர வேலையும், எலும்பில் புதைந்த ஞானப்பல் ரெண்டை எடுப்பதும் ஒன்றில்லை. மூன்றாவது, உடம்பு: சர்க்கரை, பிரஷர், இதயம், கர்ப்பம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் அளவுக்குக் குறட்டை. நாலாவது, கூட வர ஆள் இருக்கிறதா, எத்தனை நாள் வேலையை விட முடியும். குறுவை அறுப்பு நடக்கும்போது ஒரு முழு நாளைக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். ஐந்தாவதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை: அடுத்த தடவை பல் வலித்தால் இந்தப் பயம் குறைந்திருக்குமா, அப்படியே இருக்குமா?

செலவை ஏன் முதலில் சொல்லவில்லை என்றால், மேலே உள்ளதைப் பார்த்த பிறகு செலவு தானாகவே முடிவாகிவிடும்.

## மரப்பு ஊசி, பொறுமையாக

மருந்து பெரும்பாலும் லிக்னோகைன் 2 சதவீதம், கூடக் கொஞ்சம் அட்ரினலின். இது அந்த இடத்து நரம்பை மட்டும் மரக்க வைக்கும், உங்களுக்கு நினைவு முழுதாக இருக்கும். முழு மயக்கம் தவிர மற்ற எல்லா வழியிலும், வாயு கொடுத்தாலும் அரைத் தூக்க மருந்து ஏற்றினாலும், பல்லுக்கு இந்த ஊசி எப்படியும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் "ஊசியே வேணாம், மயக்கம் குடுங்க" என்கிறார்கள்.

ஒருவர் கதையைச் சொன்னால் விளங்கும். பாபநாசம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா வந்தார், வயது 54, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, மருமகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லில் பெரிய சொத்தை, ராத்திரியில் படுத்தால் விண் விண் என்று தெறிக்கிற வலி. உள்ளே வந்ததும் நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே, "எனக்கு மரத்துப்போற ஊசி ஒத்துக்காதும்மா, உசுரே போயிரும்" என்றார்.

என்ன நடந்தது என்று கேட்டேன். இருபது வருடத்துக்கு முன்னால் எங்கேயோ பல் பிடுங்கப் போயிருக்கிறார். ஊசி போட்ட ஒரு நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. பிறகு பிடுங்கும்போது மரக்கவே இல்லை, கத்தியிருக்கிறார், "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அலர்ஜி என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு, வீட்டில் எல்லோருக்கும் அதையே சொல்லி வைத்திருக்கிறார்.

இதில் ரெண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. முதலாவது, படபடப்பு. ஊசியில் இருக்கிற அட்ரினலின் கொஞ்சம் ரத்தக்குழாயில் போனாலோ, பயத்தில் உடம்பே சுரந்தாலோ இதயம் வேகமாக அடிக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். உண்மையான அலர்ஜி என்றால் தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு கண் வீக்கம், மூச்சில் இழுப்பு வரும். லிக்னோகைனுக்கு அப்படி வருவது மிக மிக அபூர்வம், வந்திருந்தால் நான் தொடவே மாட்டேன், முதலில் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். இந்த அம்மாவுக்குத் தடிப்பும் இல்லை, இழுப்பும் இல்லை.

ரெண்டாவது, மரக்காதது. அது அவர் கற்பனை இல்லை. பல்லுக்குள் நரம்பு கடுமையாக அழன்று போயிருந்தால், குறிப்பாகக் கீழ்க் கடைவாய்ப்பல்லில், ஊசி சரியான இடத்தில் விழுந்தும் பல் மரக்காமல் போகும். உதடு மரத்துவிடும், தட்டினால் தெரியாது, டாக்டரும் "மரத்தாச்சு" என்று ஆரம்பித்துவிடுவார், ஆனால் பல்லின் உள்ளே உயிர் இருக்கும். சீழ் கட்டி வீங்கியிருந்தாலும் அப்படித்தான், அந்த இடத்தின் அமிலத்தன்மையில் மருந்துக்கு வீரியம் குறைந்துவிடும். இதற்கு நோயாளி "பல்லைக் கடித்துக்கொண்டு" பொறுப்பது வைத்தியம் ஆகாது.

அன்றைக்கு எந்த சிகிச்சையும் செய்யவில்லை. நாற்காலியைச் சாய்க்கக்கூட இல்லை. நேராக உட்கார வைத்து, ஐந்து கேள்வியையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன், 20 வந்தது. ஊசிக்கு ஐந்து, மற்றவை மூன்றும் நாலும். எக்ஸ்ரே ஒன்று, பிரஷர் ஒன்று. அவரை அனுப்பும்போது ரெண்டு விஷயம் சொன்னேன்: சாப்பிட்டுவிட்டு சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு காலையில் வாருங்கள், இடது கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிடுவேன். அதுவரை தாங்க வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

ரெண்டாவது தடவை ஈறைப் பஞ்சால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து மரப்பு ஜெல் தடவினேன். கடிகாரத்தைப் பார்த்து ரெண்டு நிமிடம். எச்சில் ஈரத்தின்மேல் தடவி உடனே குத்தினால் ஜெல் தடவியும் ஒன்றுதான், தடவாமலும் ஒன்றுதான். "இப்போ கொசு கடிச்ச மாதிரி, அப்புறம் கொஞ்சம் கனமா இருக்கும், அப்புறம் நெஞ்சு ரெண்டு நிமிஷம் வேகமா அடிக்கலாம், அது மருந்து பண்ற வேலை" என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஒரு தடவைக்கான மருந்து 1.8 மில்லி, அதை இறக்க ரெண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். படபடப்பு வந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், அடங்கிவிட்டது.

பதினைந்து நிமிடம் கழித்து உதடு மரத்திருந்தது. ஆனால் ஆரம்பிக்கவில்லை. ஐஸ் போலக் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தேன், சுள்ளென்றது என்றார். ஆக, இன்னும் ஆகவில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இன்னொரு சிறிய ஊசி, ஐந்து நிமிடம், மறுபடி குளிர்ந்த பஞ்சு. இப்போது ஒன்றும் தெரியவில்லை என்று அவரே சொன்னார். இந்தக் குளிர்ப் பஞ்சுச் சோதனையை எந்த டாக்டரிடமும் கேட்டு வாங்கலாம், மிஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால்.

வேலை ஆரம்பித்ததும் ஒரு நிமிடத்துக்குள் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். வலிக்கிறதா என்றால் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி தூக்கினார், அப்போதும் வலி இல்லை. நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று பார்த்திருக்கிறார்! அதற்கப்புறம் நாற்பது நிமிடம் கை வயிற்றின்மேலேயே இருந்தது.

மறைந்திருக்கிற செலவு என்று பார்த்தால், நேரம்தான். ஒரே தடவையில் முடிகிற வேலை மூன்று நாலு தடவையாக இழுக்கும், பஸ்சுக்கும் கூலிக்கும் அதற்கேற்பக் கணக்குப் போட வேண்டும். இப்படி உட்கார்ந்து செய்ய டாக்டருக்கும் பொறுமை வேண்டும், வெளியே இருபது பேர் காத்திருக்கிற நாளில் நடக்காது, அதனால் கூட்டமில்லாத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, வேலை முடிந்தும் ரெண்டு மூன்று மணி நேரம் உதடும் நாக்கும் மரத்தே இருக்கும். சூடான காபி வேண்டாம், அதோடு வெற்றிலை கூடவே கூடாது. ஒரு தாத்தா மரத்த கன்னத்தோடு வீட்டுக்குப் போய் வழக்கம்போல வெற்றிலை போட்டு, சுண்ணாம்பு அதிகமானதே தெரியாமல் உள்கன்னம் வெந்து மறுநாள் வந்தார். பல் சரியாகிவிட்டது, கன்னம் ஆற ஒரு வாரம் ஆனது.

இது யாருக்கு நல்ல தேர்வு: முன்னால் ஒரு மோசமான அனுபவம் இருந்து அதனால் பயப்படுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் (பட்டினி கிடக்க வேண்டாம்), தனியாக வந்து தனியாகப் போகிறவர்கள், அடிக்கடி பல் வேலை தேவைப்படப் போகிறவர்கள். அடுத்த தடவை பயம் குறைவது பெரும்பாலும் இதில்தான், ஏனென்றால் எல்லாம் கண்முன்னால் நடந்து முடிந்திருக்கும்.

ஒரு விஷயம்: பயத்தில் வெறும் வயிற்றோடு வராதீர்கள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களில் நான் பார்த்தவரை பாதிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாத இளவட்டப் பையன்கள். நாற்காலியைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள், ஆனால் அவர்களுக்கு அவமானம் ஒரு வருடம் இருக்கும்.

## சிரிப்பு வாயு

நைட்ரஸ் ஆக்சைடு. 1844-ல் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் தன் பல்லையே இதை முகர்ந்துவிட்டு எடுக்கச் சொன்னார், அன்றிலிருந்து இருக்கிறது. மூக்கின்மேல் ஒரு சின்ன மூடி வைத்து முதலில் வெறும் ஆக்சிஜன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைக் கூட்டுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் போதும். தூங்க மாட்டீர்கள். கையும் காலும் லேசாகி, மிஷின் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்பது போல இருக்கும், கேட்டால் பதில் சொல்வீர்கள். முடிவில் ஐந்து நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும்.

குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்கு இது அருமையான வழி. அளவெடுக்க ட்ரே வைத்தாலே ஓங்கரிக்கிறவர்கள் வாயுவில் அமைதியாக வாயைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊசிக்கு மட்டும் பயந்து மற்றதுக்கு ஒத்துழைக்கிற ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

ஆனால் மூக்கால் மூச்சு விட வேண்டும், அங்கேதான் சிக்கல். மார்கழியில் மூக்கடைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது உதவாது. வீறிட்டு அழுகிற குழந்தைக்கும் உதவாது, வாயால் மூச்சு விடுகிறதே. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், நாள்பட்ட நுரையீரல் நோய், சமீபத்தில் காது அறுவை சிகிச்சை, பி12 குறைபாடு, இதில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மேல் முன்பற்களில் வேலை என்றால் மூக்கு மூடி இடிக்கும்.

மறைந்திருக்கிற செலவு: எல்லா இடத்திலும் மிஷின் இருக்காது. போனில் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் வீண். இருக்கிற இடத்தில் நேரக் கணக்கில் தனிக் கட்டணம் போடுவார்கள், அதனால் நீண்ட வேர் சிகிச்சைக்கு மூன்று தடவையும் வாயு என்றால் கணக்கு ஏறும். மரப்பு ஊசி எப்படியும் உண்டு என்பதை மறக்க வேண்டாம், வாயு அதன்மேல் உள்ள பயத்தைத்தான் குறைக்கிறது.

## மாத்திரை போட்டுக்கொண்டு வருவது

இதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டரே உங்கள் உடம்பைப் பார்த்து முந்தின ராத்திரிக்கோ காலைக்கோ ஒரு மாத்திரை கொடுத்தால் அது ஒரு வழிதான், லேசான பயத்துக்கு உதவும். குறை என்னவென்றால் அளவைப் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே மாத்திரை ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, இன்னொருவரை எழுப்பவே முடியாது. கூட ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக்கூடாது.

வீட்டில் யாரோ போடுகிற தூக்க மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டு வந்து, அதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்காருவதுதான் ஆபத்து. "தைரியத்துக்கு" ஒரு குவார்ட்டர் போட்டுக்கொண்டு வருகிற மாமாக்களும் இதே ரகம். திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்கிறார்கள். சாராயத்தின்மேல் நாங்கள் எந்த மருந்தைக் கொடுப்பது?

## நரம்பில் ஏற்றும் அரைத் தூக்கம்

கையில் ரத்தக்குழாய் வழியாக, பெரும்பாலும் மிடசோலம் என்ற மருந்து. ரெண்டு மூன்று நிமிடத்தில் கண் சொருகும், கூப்பிட்டால் பதில் வரும், ஆனால் நடந்ததில் பெரும்பகுதி பிறகு ஞாபகம் இருக்காது. "எனக்கு ஒண்ணும் தெரியக்கூடாது" என்பவர்கள் தேடுவது உண்மையில் இதைத்தான், முழு மயக்கத்தை இல்லை.

எலும்புக்குள் படுத்திருக்கிற ஞானப்பற்களை எடுப்பது, ஒரே நேரத்தில் பல இம்பிளாண்ட் வைப்பது மாதிரி ஒன்றரை மணி, ரெண்டு மணி நேர வேலைக்கு இது சரி. திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள், கீழே ரெண்டு பக்கமும் ஞானப்பல் படுக்கைவாட்டில். முதல் நாள் ஜெல் தடவுவதற்குள்ளேயே அழுது மூச்சு வாங்கினாள், ரெண்டாவது நாளும் அப்படியே. மூன்றாவது தடவை முயற்சிப்பது அவளுக்கும் எனக்கும் தண்டனை. அறுவைப் பிரிவில் எம்.டி.எஸ். படித்தவரும், மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்து செய்கிற இடத்துக்கு அனுப்பினேன், ஒரே தடவையில் ரெண்டும் எடுத்தாகிவிட்டது. அவளுக்கு ஞாபகம் இருப்பது கையில் ஊசி ஏற்றியதும், அம்மா ஆட்டோவில் தோளில் சாய்த்துக்கொண்டதும்தான்.

இங்கே மறைந்திருக்கிற செலவு நிறைய. மயக்க மருந்து டாக்டருக்குத் தனிக் கட்டணம், சில சமயம் பல் வேலையைவிட அதுவே அதிகம். பொதுவாக ஆறு மணி நேரம் சாப்பிடக்கூடாது என்பார்கள், சர்க்கரைக்காரருக்கு அது தனித் தலைவலி, அன்றைய மாத்திரையையும் ஊசியையும் அவர் டாக்டரைக் கேட்டு மாற்ற வேண்டும். கூட ஒரு ஆள் முழு நாள் வேண்டும், மறுநாள் வரை வண்டி, கையெழுத்து, பத்திரம் எதுவும் வேண்டாம். பெரிய குறட்டை உள்ளவர்கள் கண்டிப்பாக முன்னால் சொல்ல வேண்டும், இந்த மருந்து மூச்சை மந்தமாக்கும்.

பயம் தீருமா என்றால், தீராது. ஞாபகமே இல்லாத ஒன்றிலிருந்து தைரியம் வர வழியில்லை. அந்தப் பெண் ஆறு மாதம் கழித்து ஒரு சின்ன சொத்தை அடைக்க வந்தபோது பழையபடிதான் அழுதாள், அப்புறம்தான் ஜெல்லும் கை தூக்குவதுமாக முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

## முழு மயக்கம்

ஆபரேஷன் தியேட்டர், மூக்கு வழியாக மூச்சுக் குழாய், முழுத் தூக்கம். இதைப் பெரியவர்கள் ஒரு பல்லுக்காகக் கேட்கும்போது நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இ.சி.ஜி., மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல், ஆஸ்பத்திரி பில், ரெண்டு பேருக்கு ஒரு நாள் பிழைப்பு, இவ்வளவும் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு.

ஆனால் மூன்றரை நாலு வயதுக் குழந்தைக்கு எட்டொன்பது பல் சொத்தை, ராத்திரி முழுக்க அழுகை, வாயைத் திறக்கவே மறுக்கிறது என்றால் கதை வேறு. அதைக் கையையும் காலையும் பிடித்து அமுக்கி ஆறு தடவை சிகிச்சை செய்வதைவிட ஒரே தடவை மயக்கத்தில் முடிப்பது நல்லது, அந்தப் பிடித்து அமுக்கியதுதான் ஐம்பது வயதில் என் நாற்காலிக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. மனவளர்ச்சி குன்றியவர்கள், ஆட்டிசம் உள்ளவர்களில் சிலர், இவர்களுக்கும் இதுவே மரியாதையான வழி. குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். முடித்தவர் செய்ய வேண்டும்.

பெற்றோரிடம் அதிகம் சொல்லப்படாத ஒன்றை இங்கே சொல்கிறேன். மயக்கத்தில் செய்யும்போது சந்தேகத்துக்கு இடமான பல்லைப் பெரும்பாலும் எடுத்துவிடுவோம். விழித்திருக்கும் குழந்தை என்றால் "அடைத்துப் பார்ப்போம், வலித்தால் அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்று விடலாம், ஒரு பல்லுக்காக மறுபடி மயக்கம் கொடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள். அதனால் நாலு பல் அடைக்கப் போய் ரெண்டு எடுத்தும் வருவார்கள், அதற்குத் தயாராக இருங்கள். அப்புறம் பட்டினிக் கணக்கு: பொதுவான விதி, சோறும் பசும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நாலு, தண்ணீர் ரெண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பாட்டி பாவம் பார்த்து நாலு இட்லி ஊட்டிவிட்டால் அன்றைய கேஸ் ரத்து. சளி, காய்ச்சல் வந்தாலும் தள்ளிப்போகும்.

## யாரிடம் என்ன கேட்பது

சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்க்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். எம்.டி.எஸ். என்றால் எதில் என்று கேளுங்கள், வேர் சிகிச்சையா, அறுவையா, குழந்தைகளா, பல் கட்டுவதா, ஒவ்வொன்றும் தனித் தனி மூன்று வருடம். நரம்பில் ஏற்றுவதோ முழு மயக்கமோ என்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மருந்தை யார் ஏற்றுவார், அவர் வேலை முடியும்வரை என் பக்கத்திலேயே இருப்பாரா? பல்லையும் குடைந்துகொண்டு மயக்கத்தையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவரே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கருவி மாட்டுவார்களா என்பதையும் கேளுங்கள்.

மென்மையான ஆளா என்பதைப் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது, நானும் போனில் இனிமையாகத்தான் பேசுவேன். இப்படிச் செய்து பாருங்கள்: "முதல் தடவை வந்து பார்த்துட்டு மட்டும் போறேன், அன்னிக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம், சரியா?" என்று கேளுங்கள். சரி என்பவரிடம் போகலாம். "வந்தா முடிச்சுட்டே போயிடலாமே, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சிரிக்கிறவர் நல்ல டாக்டராகவே இருக்கலாம், உங்களுக்கான டாக்டர் இல்லை.

செலவு பெரிய தடை என்றால் சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும், செலவு குறைவு. பதிலுக்கு நேரம் கொடுக்க வேண்டும், மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு அது கஷ்டம், ஆனால் மெதுவாகச் செய்வதில் மாணவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

பாபநாசத்து அம்மாவுக்கு நாலாவது தடவை பல்லுக்கு உறை போட்டு முடித்தோம். கிளம்பும்போது மருமகளிடம் ஏதோ சொல்லி, அவள் என்னிடம் வந்து அவர் மருந்துச் சீட்டை நீட்டினாள். வேறொரு டாக்டர் எப்போதோ மேலே சிவப்பு மையில் "ஊசி அலர்ஜி" என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.